ஒரே அறைக்கு 34 டைல்ஸா, 39 டைல்ஸா? சேதாரத்துக்குச் சதவீதம் போடும் கதை

பெங்களூரில் 30-க்கு 40 அடி மனைகளில் வீடு கட்டித் தரும் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் எஸ்டிமேட் போடுவது என் வேலை. நான் சேர்ந்தபோது ஆபீஸில் ஒரு பழைய எக்செல் ஷீட் இருந்தது. அதில் எல்லாப் பொருளுக்கும் சேதாரம் 5 சதவீதம். கம்பிக்கு 5, டைல்ஸுக்கு 5, சிமென்டுக்கு 5, ஒயருக்கும் 5. முதலாளியிடம் கேட்டால், "இத்தனை வருஷமா அதுலதான் ஓடுது, மொத்தத்துல சரியா வந்துடும்" என்பார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மொத்தத் தொகை பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. ஒன்றில் கூடுவதும் இன்னொன்றில் குறைவதும் தாமாகவே ஈடாகிவிடும். ஆனால் சாமான் வாங்குகிறவர் மொத்தத் தொகையைப் பார்த்து வாங்குவதில்லை, அந்தந்த வரியில் உள்ள அளவைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார். டைல்ஸ் பற்றாமல் மறுபடி வாங்கப் போனால் அதே டிசைனில் வேறு ஷேட் வரும். பூச்சு வேலை பாதியில் இருக்கும்போது சிமென்ட் தீர்ந்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு பக்கம் ஒயர் சுருள் பிரிக்காமலே கிடக்கும்.

பிறகு ஒவ்வொரு வேலையாக எடுத்து, பொருள் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். சதவீதம் என்பது கடைசியில் எழுதுகிற ஒரு எண்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு வேலைக்கும் தனியான கணக்கு ஒன்று இருக்கிறது. டைல்ஸில் அது எண்ணிக்கை, பூச்சில் தடிமன், ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் ஒரு நிலையான கன அளவு, கம்பியில் வெட்டும் நீளம்.

டைல்ஸிலிருந்து தொடங்குகிறேன். ராமமூர்த்தி நகர் பக்கம் நாங்கள் செய்த ஒரு வீட்டில் ஒரு படுக்கையறை, உள் அளவு 3.30 மீட்டருக்கு 3.65 மீட்டர். பரப்பு 12.05 சதுர மீட்டர். டைல் 600-க்கு 600 மில்லிமீட்டர், ஒன்று 0.36 சதுர மீட்டர். பரப்பை வகுத்தால் 33.5 டைல். பழைய ஷீட்டின்படி 5 சதவீதம் சேர்த்தால் 36.

இப்போது தரையில் அடுக்கிப் பாருங்கள். 3.30 மீட்டர் பக்கம் ஐந்து முழு டைலும் ஒரு பாதியும் வரும். அது நல்ல அளவு, ஒரு டைலை வெட்டினால் இரண்டு வரிசைக்கு ஆகும். சிக்கல் 3.65 மீட்டர் பக்கம்தான். ஆறு முழு டைல் போட்டால் 50 மில்லிமீட்டர் மிச்சம். ஒரு சுவரிலிருந்து நேராக ஆரம்பித்துப் போனால் எதிர்ச் சுவர் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை விழும். அப்படிப் போட்டால் முழு டைல் 30, பாதிகளுக்கு 3, அந்தப் பட்டைக்கு ஒரே ஒரு டைலைச் சீவிக்கொள்ளலாம். மொத்தம் 34. சேதாரம் 2 சதவீதத்துக்கும் குறைவு.

ஆனால் அந்தப் பட்டை வாசலில் நிற்கும்போதே கண்ணில் படும். ஒட்டும்போதும் அவ்வளவு மெல்லிய துண்டு உடையும். எங்கள் டைல்ஸ் மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். அளந்து பார்த்துவிட்டு, "தம்பி, இத நடுவுலருந்து பிரிச்சுப் போட்டுத்தான் ஆகணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு வரும்" என்றார்.

"சரிண்ணே, அப்போ எத்தனை டைல்?"

"நீங்கதான கணக்குப் புள்ள, போடுங்க."

போட்டேன். நடுவில் ஐந்து முழு வரிசை, இரண்டு ஓரத்திலும் 325 மில்லிமீட்டர் வெட்டு. 325 என்பது பாதிக்கு மேல், அதனால் ஒரு டைலிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். முழு டைல் 25. அந்த ஐந்து வரிசைகளின் பாதிகளுக்கு 3. ஓர வரிசைகள் இரண்டுக்கும் 10. மூலைத் துண்டுகள் இரண்டில் ஒன்றை மிஞ்சிய பாதியில் எடுத்துக்கொள்ளலாம், இன்னொன்றுக்கு ஒரு டைல். மொத்தம் 39. அதே அறை, அதே டைல், ஆனால் சேதாரம் 16 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இடையில் விடும் 2 மில்லிமீட்டர் ஜாயின்டைக் கணக்கில் சேர்த்தாலும் வெட்டு 319 ஆகும், எண்ணிக்கை மாறாது.

இதோடு நிறுத்தினால் கணக்கு மறுபடி தப்பிவிடும். ஓர வரிசைகளில் வெட்டி எறியும் துண்டு ஒவ்வொன்றும் 600-க்கு 275. அதிலிருந்து, சுவரடியில் ஒட்டும் 100 மில்லிமீட்டர் உயர ஸ்கர்ட்டிங்குக்கு இரண்டு பட்டை எடுக்கலாம். பத்து துண்டில் 20 பட்டை, மூலைக்கு வெட்டிய டைலில் இன்னும் இரண்டு. 22 பட்டை என்றால் 13.2 மீட்டர். அறையின் சுற்றளவு 13.9, கதவுக்கு 0.9 போனால் தேவை 13 மீட்டர். ஸ்கர்ட்டிங் முழுவதும் குப்பையிலிருந்தே வந்துவிடுகிறது. தரையையும் ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான சேதாரம் 5 சதவீதம் சொச்சம். தரைக்கு 16 போட்டு, ஸ்கர்ட்டிங்குக்குத் தனிப் பரப்பு எழுதி அதற்கும் சேதாரம் போட்டால் ஒரே டைலுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. 275 துண்டில் ஒரு பட்டைக்குத்தான் கம்பெனி ஓரம் இருக்கும். இரண்டாவது பட்டையின் இரண்டு ஓரமும் வெட்டியவை. டைலின் உள்ளே வரை ஒரே நிறம் என்றால் மேல் ஓரத்தைத் தேய்த்து வைத்துவிடலாம். மேலே மட்டும் பிரிண்ட் உள்ள கிளேஸ்டு டைல் என்றால் வெட்டிய ஓரத்தில் உள்நிறம் தெரியும். அப்போது பாதிப் பட்டைகளைத்தான் நம்பலாம். ஆகவே எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் டைலின் அளவை மட்டும் கேட்டால் போதாது, எந்த வகை என்றும் கேட்கவேண்டும்.

இந்த வெட்டுக் கணக்கோடு உடைவதற்கு 2 சதவீதம் தனியாக வைக்கிறேன். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தலையில் ஏற்றுகிற வேலையென்றால் 3. பிறகு பெட்டிக்கு முழுமையாக்குவது. 600 டைல் பெட்டிக்கு நாலு. அறைக்கு அறை முழுமையாக்கினால் வீணாகும், வீடு முழுவதையும் கூட்டிவிட்டு ஒரே தடவை முழுமையாக்கவேண்டும். வீட்டுக்காரர் பிற்காலத்துக்கு எடுத்துவைக்கும் ஒரு பெட்டியைச் சேதாரத்தில் சேர்ப்பதில்லை, அதற்குத் தனி வரி. இப்போது 800-க்கு 1600 டைல்மீது எல்லோருக்கும் ஆசை. இதே அறையின் 3.30 பக்கத்தில் 1600 டைல் இரண்டு போட்டால் 100 மில்லிமீட்டர் மிஞ்சும். அந்த அறைக்கு 5 சதவீதம் என்று எழுதுபவர் வரைபடத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பூச்சு வேலையில் கதை வேறு. உள்பூச்சுக்கு எஸ்டிமேட்டில் 12 மில்லிமீட்டர் என்று எழுதுகிறோம். பெங்களூரில் பெரும்பாலும் சாலிட் கான்கிரீட் பிளாக்தான். 6 அங்குலச் சுவரில் கொத்தனார் நூல் பிடித்து ஒரு முகத்தை நேராக வைப்பார், பிளாக்கின் அளவில் இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் மறு முகத்துக்குப் போய்விடும். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. அந்த முகத்தை மட்டமாக்க 12 போதாது, சராசரியாக 18 வரும்.

100 சதுர மீட்டர் சுவரை எடுத்துக்கொள்வோம், ஒன்றுக்கு ஆறு கலவை. 12 மில்லிமீட்டர் என்றால் ஈரக் கலவை 1.2 கன மீட்டர். உலர் அளவுக்கு 1.33-ஆல் பெருக்கினால் சிமென்ட் சுமார் 6.6 மூட்டை. 18 மில்லிமீட்டர் ஆனால் கிட்டத்தட்ட 10 மூட்டை. வித்தியாசம் 50 சதவீதம். இதைச் சேதாரம் என்று எழுதினால் எந்த முதலாளியும் கையெழுத்துப் போட மாட்டார். அது சேதாரமும் இல்லை, பொருள் முழுவதும் சுவரில்தான் இருக்கிறது. அதை அளவிலேயே எழுதவேண்டும்: நேரான முகத்துக்கு 12, மறு முகத்துக்கு 18.

18 என்பது என் ஊகம் இல்லை. பூச்சு ஆரம்பிக்கும் முன் சுவரில் அங்கங்கே சின்ன சிமென்ட் பொட்டுகள் வைத்து மட்டம் பிடிப்பார்கள். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்று ஸ்கேலில் அளந்து சராசரி எடுத்தால் பூச்சின் தடிமன் கிடைத்துவிடும். ஓர் அறையில் அரை மணி நேர வேலை. ஒரே கொத்தனார் குழு கட்டிய சுவர்களில் அந்தச் சராசரி பெரிதாக மாறுவதில்லை, அதனால் அடுத்த வீட்டு எஸ்டிமேட்டுக்கும் அதே எண்ணை எடுத்துக்கொள்ளலாம். குழு மாறினால் எண்ணும் மாறும்.

கீழே கொட்டுவதுதான் பூச்சின் உண்மையான சேதாரம். சுவரடியில் ஷீட் விரித்து, விழுந்த கலவையை உடனே அள்ளிப் போட்டால் 5 சதவீதத்துக்குள் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து அள்ளினால் அது கலவை இல்லை, மண். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த 1.33 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சில ஷீட்களில் சந்து நிரம்புவது, கொஞ்சம் சிந்துவது எல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். அதன்மேல் மறுபடி 5 போட்டால் இரட்டைக் கணக்கு. நான் 1.33-ஐ வைத்துக்கொண்டு பூச்சுக்கு 2 மட்டும் சேர்க்கிறேன், தடிமனைச் சரியாக எழுதிவிட்டால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

கான்கிரீட்டுக்கு 2 சதவீதம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சைட்டிலேயே மிக்சர் வைத்துக் கலந்தால் அது ஏறக்குறைய சரி. ரெடிமிக்ஸ் வாங்கி பம்ப் வைத்தால் சரி வராது. எங்கள் வேலைகள் பெரும்பாலும் குறுக்குத் தெருக்களில். லாரி உள்ளே வராது, முனையில் நின்றுவிடும், அங்கிருந்து பைப் இழுக்கவேண்டும். 125 மில்லிமீட்டர் பைப் 40 மீட்டர் ஓடினால் அதற்குள் மட்டும் அரை கன மீட்டர் கான்கிரீட் நிற்கும். கடைசியில் அதைத் தள்ளி வெளியே எடுத்தாலும் எல்லாம் ஸ்லாபுக்குப் போய்ச் சேராது. 15 கன மீட்டர் ஸ்லாபுக்கு இந்த அரை கன மீட்டர் 3 சதவீதத்துக்கு மேல். 40 கன மீட்டர் ஸ்லாபுக்கு ஒன்றே கால்தான். பைப்பின் நீளம் ஒன்றுதான், சதவீதம் மட்டும் மாறுகிறது. அதனால் ரெடிமிக்ஸுக்குச் சதவீதமே எழுதுவதில்லை, "பைப் லைன் 0.5 கன மீட்டர்" என்று நேராக எழுதுகிறேன். கூடவே ஸ்லாபின் தடிமன். 125 மில்லிமீட்டர் ஸ்லாப் முழுவதும் 5 மில்லிமீட்டர் தடிமன் கூடினாலே அது 4 சதவீதம். ஷட்டரிங் மட்டத்தை முதல் நாளே சரிபார்த்தால் இந்த வரி குறையும்.

கம்பிக்கு வருவோம். 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தள உயரம் 3 மீட்டர், மேல் தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் நீளமான லேப், 12 எம்எம் கம்பிக்கு விட்டத்தைப்போல் 50 மடங்கு, அதாவது 0.6 மீட்டர். தூண் கம்பி 3.6 மீட்டர். ஒரு கம்பியில் மூன்று எடுத்தால் 1.2 மீட்டர் மிச்சம், 10 சதவீதம். லேப்பைச் சேதாரம் என்று நினைக்கக்கூடாது, அது அளவில் வரவேண்டியது. மிஞ்சும் 1.2 மீட்டரை என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி. 72 தூண் கம்பிகளுக்கு 24 முழுக் கம்பி வெட்டினால் 24 துண்டு மிஞ்சும். 750 மில்லிமீட்டர் பாத்ரூம் கதவுக்கு மேலே தனி லின்டல், இரண்டு பக்கமும் 150 தாங்கல் என்றால் 1.05 மீட்டர்; இந்தத் துண்டு கச்சிதமாக ஆகும். நாலு கதவு, ஒவ்வொன்றுக்கும் நாலு கம்பி, 16 துண்டு போய்விட்டது. மீதி எட்டுத் துண்டுதான் பழைய இரும்புக்கு, 3 சதவீதம் சொச்சம். அதற்கும் கிலோ விலை கிடைக்கும். ஆனால் கம்பி கட்டுகிறவர் கையில் வெட்டும் பட்டியல் இருந்தால்தான் இது நடக்கும். பட்டியல் இல்லாவிட்டால் லின்டலுக்கும் புதுக் கம்பியை வெட்டுவார், அதில் அவர்மேல் தவறு இல்லை. பட்டியல் போட்ட வேலைக்கு 3, போடாத வேலைக்கு 7 என்று வைக்கிறேன்.

கம்பியில் யாரும் சந்தேகப்படாத இன்னொரு ஓட்டை உண்டு. நாம் கணக்குப் போடுவது மீட்டரில், வாங்குவது எடையில். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்கவேண்டும். ஐஎஸ் 1786 தரப்படி 10 எம்எம் வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதமும், அதற்கும் மேல் 3 சதவீதமும் கூடக் குறைய இருக்கலாம். மீட்டருக்கு 920 கிராம் வந்தால் தரம் தப்பவில்லை, ஆனால் ஒரு டன்னுக்கு 1,126 மீட்டர் வரவேண்டிய இடத்தில் 1,087 மீட்டர்தான் வரும். 39 மீட்டரைக் காணோம் என்று காவலாளியைத் திட்டுவதற்கு முன்னால், ஒரு மீட்டர் துண்டை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

மற்றவற்றை இவ்வளவு குடைய வேண்டியதில்லை. பிளாக்குக்கு 3 சதவீதம், அதில் பாதி இறக்கும்போதே உடைகிறது. எம்-சாண்டுக்கு நான் 10 வரை போகிறேன். தெருவோரம் கொட்டினால் அடிமண்ணோடு ஒட்டுகிற கீழ் அடுக்கு திரும்பாது, மழை வந்தால் சாக்கடை பாதியைக் கொண்டுபோகும். எடைக்கு வாங்குகிறோம் என்பதால் ஈரமாக வரும் லோடில் தண்ணீருக்கும் காசு போகிறது. ஒயர் 90 மீட்டர் சுருளாக வரும், மிஞ்சும் வால் அடுத்த சைட்டுக்குப் போகும், 3 போதும். பெயின்டில் சேதாரம் என்பதே குறைவு, சுவர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் அங்கே கணக்கு.

இந்த எண்கள் எங்கள் ஆட்களுக்கும் எங்கள் சைட்களுக்கும் உரியவை, அப்படியே எடுத்தால் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வேலை முடிந்ததும் மூன்று அளவு போதும்: வாங்கியது எவ்வளவு, கட்டிடத்தில் அளந்தால் எவ்வளவு இருக்கிறது, சைட்டில் நல்ல நிலையில் மிஞ்சியது எவ்வளவு. முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் தொலைந்தது தெரியும். மிஞ்சியதைக் கழிக்க மறந்தால் அதிகமாக ஆர்டர் போட்டதெல்லாம் சேதாரம் மாதிரித் தெரியும், அடுத்த எஸ்டிமேட்டில் அது இன்னும் ஏறும். எங்கள் பழைய ஷீட்டில் ஒயருக்கு அந்த 5 அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

எஸ்டிமேட்டில் இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் வெட்டு, உடைசல், முழுமையாக்கல் என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பிரதியில் அவை மூன்றும் ஒரே சதவீதமாகத் தெரியும். ராமமூர்த்தி நகர் வீட்டுக்காரர், "டைல்ஸுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு?" என்று கேட்டபோது அந்தப் படுக்கையறையின் அடுக்கு வரைபடத்தைக் காட்டினேன். 50 மில்லிமீட்டர் பட்டை வருகிற வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவர் 39-ஐத் தேர்ந்தெடுத்தார். ஹாலுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, டிவி சுவருக்குக் கீழே மெல்லிய வெட்டு வந்தாலும் பரவாயில்லை, அங்கே கேபினெட் மறைத்துவிடும் என்றார். அங்கே இரண்டு பெட்டி குறைந்தது.

டைல்ஸ் கடையில் பில் போடும்போதே, பிரிக்காத பெட்டியை எத்தனை நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதி வாங்கிவிடுகிறோம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே மேஸ்திரி பார்ப்பார். வேறு எண் உள்ள பெட்டிகள் வந்தால் அவற்றைத் தனியாக அடுக்கி, அன்றைக்கே மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவோம்.